திண்டுக்கல்லிலிருந்து சிட்டகாங்குக்கு ஒரு கன்டெய்னர் நூல்: எல்சி, காகிதங்கள், பணம் போகும் வழி

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு கன்டெய்னரின் பின்னால் போகிறது. திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்று, பங்களாதேஷின் நாராயண்கஞ்சிலுள்ள பின்னலாடைத் தொழிற்சாலைக்கு 30ஆம் நம்பர் கோம்டு பருத்தி நூல் விற்கிறது. சரக்கு தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, சிட்டகாங்கில் இறங்க வேண்டும்.

ஒரு பெட்டிக்கு 24 கோன், 45.36 கிலோ. 400 பெட்டி, 18,144 கிலோ. விலை கிலோவுக்கு 3 டாலர், சி.எஃப்.ஆர். சிட்டகாங், அதாவது சிட்டகாங் வரை கப்பல் வாடகையும் சேர்த்து. மொத்தம் 54,432 டாலர். பணம் 120 நாள் தவணை எல்சியில், அதாவது வாங்குபவரின் வங்கி பணம் தருவதாக எழுதித் தரும் கடன் உறுதிக் கடிதத்தில். பெட்டிக் கணக்கு நூல் வியாபாரத்தில் வழக்கமானதுதான். விலை, வாடகை, வட்டி, தேதி எல்லாம் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

மில்களின் எக்ஸ்போர்ட் பிரிவில் காகிதம் பார்க்கும் வேலை என்னுடையது. புதிதாக வருபவர்கள் காகிதம் தயாரிப்பதில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. எதை எப்போது பார்க்க வேண்டும் என்ற வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் வரிசைப்படியே போகலாம்.

## 1. யார் யார் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்சியில் நான்கு பேர். பணம் பெறவேண்டிய மில். நூல் வாங்கும் தொழிற்சாலை. தொழிற்சாலைக்காக எல்சி திறக்கும் டாக்கா நகரத்து வங்கி. அந்த எல்சியை மில்லிடம் சேர்க்கும் நம்மூர் வங்கி.

எல்சியில் "பணம் தருவேன்" என்று சொல்வது தொழிற்சாலை இல்லை, அதன் வங்கி. கேட்ட காகிதங்கள் கேட்டபடி வந்தால் தவணை நாளில் தருகிறேன் என்பது அதன் வாக்கு. நம்மூர் வங்கி அப்படி எந்த வாக்கும் தரவில்லை. எல்சி உண்மையானதுதான் என்று சரிபார்த்து நம்மிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதுவும் பொறுப்பேற்க வேண்டுமென்றால் எல்சியைத் தனியாக உறுதிப்படுத்தித் தர வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு.

எல்சியில் பெயர் வராத ஐந்தாவது ஆள் ஒருவரும் இருக்கிறார். தொழிற்சாலை தைக்கும் சட்டையை வாங்கும் ஐரோப்பியக் கடைக்காரர். அவர் கொடுத்த ஏற்றுமதி ஆர்டரைப் பிணையாக வைத்துத்தான் டாக்கா வங்கி நமக்கு எல்சி திறக்கிறது. இதைத்தான் பேக்-டு-பேக் எல்சி என்கிறார்கள். 120 நாள் தவணை எதற்கு என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். நூல் போய், துணியாகி, சட்டையாகி, கப்பலேறி, ஐரோப்பாவிலிருந்து பணம் திரும்ப அவ்வளவு நாள் தேவைப்படுகிறது.

## 2. புரோஃபார்மா இன்வாய்ஸில் கவனம் வையுங்கள்

ஏற்றுமதியாளருக்கான ஐ.இ.சி. எண், சுங்கத்தில் பதிந்த ஏ.டி. கோடு என்ற வங்கி எண், ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம், இவை மூன்றும் கையில் இல்லாமல் ஆர்டர் பிடிக்காதீர்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது புரோஃபார்மா, அதாவது விற்பனை நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதித் தரும் இன்வாய்ஸ் பற்றி. தொழிற்சாலைக்காரர் அதைத்தான் தன் வங்கிக்குக் கொண்டுபோய் எல்சிக்கு விண்ணப்பிக்கிறார். அதில் இல்லாத சலுகை எல்சியில் தானாக வந்து சேராது. பிறகு கேட்டால் திருத்தம் போட வேண்டும். திருத்தத்துக்கு அங்கேயும் கட்டணம், இங்கேயும் கட்டணம், நாளும் ஒரு வாரம் போகும்.

நான் புரோஃபார்மாவில் எப்போதும் எழுதி வாங்குபவை இவை. அளவிலும் தொகையிலும் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். ஏற்றும் இடம் "இந்தியாவின் எந்தத் துறைமுகமும்". வழியில் கப்பல் மாற்ற அனுமதி உண்டு. காகிதம் கொடுக்க 21 நாள். எல்சி காலாவதியாகும் இடம் இந்தியா. தவணை நாள் எண்ணுவது, சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங்கின் தேதியிலிருந்து.

கடைசியில் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. "ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 120 நாள்" என்று எல்சி வந்தால், டாக்கா வங்கி காகிதத்தை ஏற்கும் வரை எண்ணிக்கை தொடங்காது. நம் கணக்கில் அது 15 நாள் வித்தியாசம். ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில், 360 நாள் கணக்கில், 158.76 டாலர். அது மில்லின் கையிலிருந்துதான் போகும்.

## 3. எல்சி வந்த அன்றே படியுங்கள்

நூல் ஓட்டிவிட்டு, பெட்டி கட்டிவிட்டு, லாரி வந்து நின்றபிறகு எல்சியைப் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது தப்பு தெரிந்தும் பயனில்லை. வங்கியிலிருந்து வரும் MT700 தாளில் எண்ணிட்ட கட்டங்கள் இருக்கும். எல்லாம் முக்கியம்தான், ஆனால் முதல் நாள் நான் பார்ப்பது சில கட்டங்களைத்தான்.

முதலில் தேதிகள். `44C` கடைசியாகக் கப்பலேற்ற வேண்டிய நாள். `48` ஏற்றிய பின் எத்தனை நாளுக்குள் காகிதம் கொடுக்க வேண்டும் என்பது. `31D` எல்சி காலாவதியாகும் நாளும் இடமும். நம் எல்சியில் ஜூலை 10, 15 நாள், ஜூலை 31 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 21 நாள் கேட்டோம், 15தான் வந்தது. சரி, சமாளிக்கலாம்.

சரக்கு ஜூலை 5 அன்று கப்பலேறினால் காகிதம் கொடுக்கக் கடைசி நாள் ஜூலை 20. எல்சிக்கு ஜூலை 31 வரை உயிர் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கெடு. `48` காலியாக இருந்தால், எல்சிகளுக்கான பன்னாட்டு விதிகளான யு.சி.பி. 600 படி 21 நாள்.

அடுத்து `31D` கட்டத்தில் இருக்கும் இடத்தின் பெயர். அங்கே பங்களாதேஷ் என்று இருந்தால், கெடு நாளுக்குள் காகிதம் டாக்கா மேசையில் இருக்க வேண்டும். நம்மூர் வங்கியில் கொடுத்தது கணக்கில் வராது. கூரியர் மூன்று நான்கு நாள் எடுக்கும், நடுவில் ஒரு விடுமுறை வரும். இந்தக் கட்டத்தைப் பார்க்காமல் கெட்ட எல்சிகள் நிறைய.

மூன்றாவது `46A`, `47A`. என்னென்ன காகிதம், என்னென்ன கூடுதல் நிபந்தனை. இந்த இரண்டையும் படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் காகிதம் என் கையில் இருக்கிறதா, இல்லை வாங்குபவர் கையில் இருக்கிறதா? "வாங்குபவர் கையெழுத்திட்ட பரிசோதனைச் சான்றிதழ்" என்று இருந்தால், அவர் கையெழுத்துப் போடாதவரை நமக்குப் பணமில்லை. "ஏற்றுமதிப் பணம் வந்தபின் பணம் தரப்படும்" என்ற வரி இருந்தால் இன்னும் மோசம். வங்கி தந்த வாக்கு ஐரோப்பியக் கடைக்காரரின் கல்லாப்பெட்டியில் போய் மாட்டிக்கொள்கிறது. இப்படிப்பட்ட வரிகளைத் திருத்தி வாங்காமல் பஞ்சுக்குப் பணம் கட்டாதீர்கள்.

`42C`, `42A` இரண்டும் தவணையையும், பணம் கேட்டு நாம் எழுதும் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் யார் பேரில் எழுத வேண்டும் என்பதையும் சொல்லும். அது வங்கியின் பேரில் இருக்க வேண்டும், வாங்குபவர் பேரில் இருக்கக் கூடாது.

## 4. கப்பலேறும் வரை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்

இதுவரை வாங்குபவரிடமிருந்து மில்லுக்கு ஒரு பைசா வரவில்லை. எல்சி கையில் இருப்பதைக் காட்டி மில் தன் வங்கியில் பேக்கிங் கிரெடிட் எடுக்கிறது. அந்தப் பணத்தில் பஞ்சு வியாபாரிக்குக் கொடுக்கிறது. இது ஏற்றுமதிக்கு முந்தைய கடன். இதன் வட்டி மில்லுடையது.

பிறகு திண்டுக்கல்லிலிருந்து தூத்துக்குடிக்கு சுமார் 200 கிலோமீட்டர் லாரி வாடகை, சுங்க ஏஜென்டின் கூலி, துறைமுகத்தில் கன்டெய்னர் கையாளும் கட்டணம், பில் ஆஃப் லேடிங் கட்டணம். எல்லாமே மில் தருவது.

கப்பல் வாடகையில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். சி.எஃப்.ஆர். என்றால் சிட்டகாங் வரை கப்பல் வாடகையை விற்பவர் கட்ட வேண்டும். வாடகை 900 டாலர் என்று வைத்தால், மில் அதை, கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டருக்கு ரூபாயில் இப்போதே கட்டுகிறது. வாங்குபவர் தரும் 54,432 டாலருக்குள் அந்த 900 அடங்கியிருக்கிறது, ஆனால் நான்கு மாதம் கழித்து வரும். சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில், கப்பல் வாடகை சேராத எஃப்.ஓ.பி. மதிப்பு காட்டும்போது இதைக் கழித்து 53,532 என்று காட்ட வேண்டும். சிட்டகாங்கில் இறக்கும் கூலியும் அந்த ஊர் சுங்க வரியும் வாங்குபவர் பாடு.

காப்பீடு சி.எஃப்.ஆர். விலையில் சேராது. பங்களாதேஷ் வாங்குபவர்கள் அதைத் தங்கள் நாட்டுக் காப்பீட்டு நிறுவனத்திலேயே எடுத்துக்கொள்வது வழக்கம். பிரீமியம் வாங்குபவரிடமிருந்து அந்த நிறுவனத்துக்குப் போகிறது, நமக்கு அதில் வேலையில்லை. வேலை வேறொன்றில் இருக்கிறது. சரக்கு ஏறியதும் கப்பல் பெயர், தேதி, தொகை ஆகியவற்றைக் காப்பீட்டுக் கவர் நோட்டு எண்ணோடு அந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எல்சி கேட்கும். அனுப்பிய மின்னஞ்சலின் நகலும் காகிதக் கட்டில் இருக்க வேண்டும். மூன்று நாள் கெடு என்றால் நான்காம் நாள் அனுப்பியதும் குற்றம்தான். கப்பல் கிளம்பிய செய்தி வந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.

பெட்டியிலும் ஒரு வேலை இருக்கிறது. இறக்குமதியாளரின் பெயர், முகவரி, வரி எண் ஆகியவை குறைந்தது 2 சதவீதப் பெட்டிகளிலாவது அழியாத மையில் இருக்க வேண்டும் என்று பங்களாதேஷ் எல்சிகள் கேட்கும். நம் 400 பெட்டியில் எட்டு. கன்டெய்னர் சீல் வைத்தபிறகு ஞாபகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிச் செய்ததாக மில்லே எழுதிக் கொடுக்கும் சான்றும் காகிதக் கட்டில் போக வேண்டும்.

## 5. பில் ஆஃப் லேடிங்: கப்பல் கிளம்புமுன் வரைவைச் சரிபாருங்கள்

மற்ற காகிதங்களில் பெரும்பாலானவற்றை நாம் நம் அலுவலகத்திலேயே திருத்திக்கொள்ளலாம். பி.எல். மட்டும் கப்பல் கம்பெனியின் கையில் இருக்கிறது. கப்பல் போனபின் திருத்தக் கேட்டால் கட்டணமும் கேட்பார்கள், நாளும் இழுப்பார்கள். சில திருத்தங்களைச் செய்யவே மாட்டார்கள். அதனால் வரைவு வந்ததும் எல்சியைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள்.

முதலில் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் எல்சி "எல்சி திறந்த வங்கியின் உத்தரவுப்படி" என்று கேட்கிறது. பி.எல். சரக்கின் சாவி மாதிரி. வங்கி பின்பக்கம் கையெழுத்துப் போட்டால்தான் தொழிற்சாலை கன்டெய்னரை எடுக்க முடியும். நேரடியாகத் தொழிற்சாலை பேரில் போட்டுவிட்டால் அந்தச் சாவி வங்கியின் கையை விட்டுப் போய்விடும்.

தகவல் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் வரும். இன்வாய்ஸ் போன்ற மற்ற காகிதங்களில் முகவரி சற்று மாறினால் விதி பொறுத்துக்கொள்ளும், நாடு மாறாமல் இருந்தால் போதும். பி.எல்.லில் இந்த இடத்தில் மட்டும் எல்சியில் உள்ளபடியே இருக்க வேண்டும். நகலெடுத்து ஒட்டுங்கள், தட்டச்சு செய்யாதீர்கள்.

தூத்துக்குடிக்காரர்களுக்கென்றே ஒரு பிழை இருக்கிறது. இங்கிருந்து சிறிய ஃபீடர் கப்பல் கொழும்பு வரை போகும், அங்கே வேறு கப்பல். கப்பல் கம்பெனியின் எழுத்தர் சில நேரம் ஃபீடரை "முன்பயணம்" என்ற கட்டத்தில் போட்டு, ஏற்றிய துறைமுகம் கொழும்பு என்று எழுதிவிடுவார். எல்சி இந்தியத் துறைமுகம் என்று கேட்கும்போது இது நேராக மறுப்புக்குப் போகும். ஏற்றிய துறைமுகம் தூத்துக்குடி என்றே இருக்க வேண்டும். "கப்பலில் ஏற்றப்பட்டது" என்ற குறிப்பு, தூத்துக்குடியில் ஃபீடரில் ஏறிய தேதியோடு இருக்க வேண்டும். அந்தத் தேதிதான் நம் ஏற்றுமதித் தேதி.

கப்பல் மாற்றத் தடை என்று எல்சியில் இருந்தாலும், கன்டெய்னர் சரக்குக்கு முழுப் பயணமும் ஒரே பி.எல்.லில் இருந்தால் யு.சி.பி. 600 அதை ஏற்கிறது. ஆனால் அந்த விதியையே விலக்கி எழுதும் எல்சிகளும் உண்டு. விதி காப்பாற்றும் என்று போவதைவிட அனுமதியை எழுதி வாங்குவது மேல்.

இடப்பெயர்களும் படுத்தும். 2018 முதல் சிட்டகாங்கின் ஆங்கில எழுத்து சட்டோகிராம் என்று மாறியது. எல்சியில் எது இருக்கிறதோ அதையே எல்லாக் காகிதத்திலும் போடுங்கள். எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

"வாடகை முன்கூட்டிக் கட்டப்பட்டது" என்ற வரியும் பி.எல்.லில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சிட்டகாங்கில் வாங்குபவரிடம் வாடகை கேட்பார்கள், அவர் உங்களிடம் சண்டைக்கு வருவார்.

ஒருமுறை ஃபீடர் ஒரு நாள் தள்ளிப்போய், கெடு ஜூலை 10 இருக்க, எங்கள் சரக்கு 11 அன்று ஏறியது. தேதியைப் பத்து என்று போட்டுத் தரச்சொல்லலாமே என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அது மோசடி. கப்பல் எந்த நாள் எங்கே இருந்தது என்று யார் வேண்டுமானாலும் பார்த்துவிட முடிகிற காலம் இது. கெடு தாண்டும் என்று தெரிந்தவுடன் சரக்கை ஏற்றாமல் நிறுத்தித் திருத்தம் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் ஏற்றிவிட்டுக் கேட்டோம். அதன் விளைவு எட்டாவது பகுதியில்.

## 6. இன்வாய்ஸ் முதலில், மற்றவை அதிலிருந்து

ஒவ்வொரு காகிதத்தையும் தனித்தனியாகத் தயாரித்தால் ஒன்றோடொன்று முரண்படும். நான் முதலில் இன்வாய்ஸ் போடுவேன். அது முடிந்தபின் பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச், சரக்கு இந்தியாவில் உருவானது என்னும் தோற்றச் சான்றிதழுக்கான விண்ணப்பம், மில்லின் சான்றுகள் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே எண்களை எடுப்பேன்.

இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்சியின் `45A` கட்டத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும். எல்சியில் எழுத்துப்பிழை இருந்தால் அதையும் அப்படியே போட்டு, தேவைப்பட்டால் சரியான சொல்லைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அழகாக மாற்றி எழுதாதீர்கள். வங்கியில் சரிபார்ப்பவருக்கு நூலைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை. "கோம்டு ஹோசியரி நூல்" என்று எல்சியில் இருந்து, நீங்கள் "கோம்டு நூல்" என்று மட்டும் எழுதினால் அவருக்கு அது வேறு சரக்கு. மற்ற காகிதங்களில் முரண்படாத பொதுப்பெயர் போதும்.

எடையில் அதிகம் தவறு நடக்கிறது. கடைசி நேரத்தில் இரண்டு பெட்டி குறைந்து 398 ஆகிவிடும். பேக்கிங் லிஸ்ட் மாறும், தோற்றச் சான்றிதழ் பழைய எண்ணோடு வந்திருக்கும். அளவை 400 பெட்டி என்று எல்சி கேட்டிருந்தால் ஒரு பெட்டி குறைந்தாலும் பிரச்சினை. கிலோவில் கேட்டிருந்தால், எல்சி மொத்தத் தொகையைத் தாண்டாதவரை, யு.சி.பி. 600 தானாகவே 5 சதவீதம் கூடக் குறைய விடுகிறது. 398 பெட்டி 18,053.28 கிலோ, அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. இன்வாய்ஸ் 54,159.84 டாலருக்குப் போட்டால் போதும். இதனால்தான் புரோஃபார்மாவில் அளவைக் கிலோவில் எழுதுகிறேன், பெட்டியில் எழுதுவதில்லை.

## 7. வங்கிக்கும் டாக்காவுக்கும்

ஜூலை 5, ஞாயிறு அன்று சரக்கு ஏறியது. 9, வியாழன் அன்று எல்லாக் காகிதத்தையும் நம் வங்கியில் கொடுத்தோம். கெடு 20 வரை இருக்கும்போது எதற்கு அவசரம் என்று கேட்பார்கள். வங்கி ஒரு பிழையைக் கண்டால் திருத்தித் திரும்பக் கொடுக்க அந்த நாட்கள்தான் கைகொடுக்கும். கடைசி நாளில் கொடுத்தால் பிழையைத் தெரிந்துகொள்ள மட்டும்தான் முடியும்.

வங்கி பார்த்து 10 அன்று கூரியரில் அனுப்பியது. 14, செவ்வாய் டாக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. காகிதம் வந்த மறுநாளிலிருந்து அதிகபட்சம் ஐந்து வேலை நாள் என்பது விதி. புதன், வியாழன், ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று எண்ணினால் 21 வரை டாக்கா வங்கிக்கு நேரம். அதற்குள் ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் காகிதத்தில் பிழை இருக்கிறது என்று பிறகு சொல்லும் உரிமை அதற்கு இல்லை.

நம் கணக்கில் 20, திங்கள் அன்று ஏற்புச் செய்தி வந்தது: 54,432 டாலர், பணம் தரும் நாள் நவம்பர் 2. பி.எல். தேதியை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து 120 எண்ணிப் பாருங்கள், சரியாக வரும். செய்தியில் உள்ள நாளை நீங்களே எண்ணிச் சரிபார்ப்பது நல்லது. தவறாக வந்ததும் உண்டு.

ஏற்றபின் டாக்கா வங்கி பி.எல்.லின் பின்பக்கம் கையெழுத்திட்டுத் தொழிற்சாலையிடம் கொடுக்கிறது. தொழிற்சாலை சிட்டகாங் போய் நூலை எடுத்துக்கொள்கிறது. கவனியுங்கள், தொழிற்சாலை இன்னும் யாருக்கும் நூல் பணம் தரவில்லை.

## 8. மறுப்பு வந்தால்

அந்த ஒரு நாள் தாமதக் கதைக்கு வருகிறேன். "தாமதமாக ஏற்றப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு மறுப்பு வந்தது. MT734 என்ற தலைப்பில் அந்தச் செய்தி வரும். விதிப்படி டாக்கா வங்கி செய்தது சரி.

மறுப்பு வந்தால் முதலில் பிழை திருத்தக்கூடியதா என்று பாருங்கள். இன்வாய்ஸில் சொல் விடுபட்டது, சான்று ஒன்று குறைகிறது என்றால் கெடு முடியுமுன் திருத்திய காகிதத்தை மறுபடி அனுப்பலாம். கப்பல் தேதியை யாரும் திருத்த முடியாது. அப்போது வாங்குபவர் சம்மதித்து, அவர் வங்கியும் ஒப்புக்கொண்டால்தான் வழி. வாங்குபவர் சம்மதித்தாலும் வங்கிக்குக் கட்டாயமில்லை.

இங்கேதான் எல்சியின் சாயம் வெளுக்கும். நூல் விலை ஏறியிருந்தால் வாங்குபவர் அரை மணி நேரத்தில் சம்மதக் கடிதம் கொடுப்பார். இறங்கியிருந்தால் பிழை அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். எங்களுக்கு விலை இறங்கியிருந்தது. கிலோவுக்குப் பத்து சென்ட் குறைக்கச் சொன்னார். கன்டெய்னர் சிட்டகாங்கில் நின்று வாடகை ஏறிக்கொண்டிருந்தது. பி.எல். டாக்கா வங்கியின் பேரில் இருந்ததால் அதைத் திரும்பப் பெறாமல் வேறொருவருக்கு விற்கவும் முடியாது. குறைத்துக் கொடுத்தோம்.

இதில் நான் கற்றுக்கொண்ட ஒரு நடைமுறை: வாங்குபவரிடம் பேச்சு நடக்கும்போதே, நம் வங்கி மூலம் டாக்கா வங்கிக்கும் எழுதி, காகிதம் நம் உத்தரவுக்காக அங்கேயே இருக்கட்டும், பணம் தருவதாக ஏற்காமல் வாங்குபவரிடம் தர வேண்டாம் என்று பதிவு செய்துவிடுங்கள்.

## 9. பணம் வரும் வழி

ஏற்புச் செய்தி கையில் இருப்பதால் நவம்பர் வரை மில் காத்திருக்க வேண்டியதில்லை. ஜூலை 20 அன்றே நம் வங்கி பில்லை டிஸ்கவுண்ட் செய்கிறது. நவம்பர் 2 வரை 105 நாள், ஆண்டுக்கு 7 சதவீதம், 360 நாள் கணக்கு. வட்டி 1,111.32 டாலர். மீதி 53,320.68 டாலரை ரூபாயாக்கி, முதலில் பேக்கிங் கிரெடிட் கடனை அடைத்துக்கொண்டு, மிச்சத்தை மில்லின் கணக்கில் வரவு வைக்கிறது.

ஆக, மில்லுக்கு முதலில் பணம் தந்தது நம்மூர் வங்கி. அது விற்பனைப் பணம் இல்லை, டாக்கா வங்கியின் ஏற்பை நம்பித் தந்த முன்பணம். டாக்கா வங்கி தராவிட்டால் மில்லிடமே திருப்பிக் கேட்கும் நிபந்தனை டிஸ்கவுண்ட் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அக்டோபரில் ஐரோப்பியக் கடைக்காரர் சட்டைக்கான பணத்தை டாக்கா வங்கிக்கு அனுப்புகிறார். வங்கி அதிலிருந்து நூல் பணத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தொழிற்சாலைக்குத் தருகிறது. தொழிற்சாலை நமக்குப் பணம் தருவது இந்த இடத்தில்தான், அதுவும் அதன் கைக்கு வராமலே. கடைக்காரர் பணம் தராமல் போனால் வங்கி தொழிற்சாலைக்குக் கடன் எழுதிவிட்டு, தன் கையிலிருந்து நமக்குத் தர வேண்டும்.

இந்தியாவும் பங்களாதேஷும் ஆசியத் தீர்வு ஒன்றியத்தில் இருப்பதால், பணம் பெரும்பாலும் ஏ.சி.யு. டாலர் கணக்குகள் வழியாக நகரும். டாக்கா வங்கி ஓர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ஏ.சி.யு. கணக்கில் பற்று எழுதி, நம் வங்கிக்கு வரவு வைப்பார்கள். இரு நாட்டு மத்திய வங்கிகளும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தங்களுக்குள் நேர்செய்துகொள்வது தனி. அதற்காக மில் காத்திருப்பதில்லை.

நவம்பர் 2 அன்று வருவது முழு 54,432 ஆக இருக்காது. தங்கள் நாட்டுக்கு வெளியேயான கட்டணங்கள் விற்பவருடையவை என்று `71D` கட்டத்தில் இருக்கும். வழியில் 85 டாலர் கழிந்தால் 54,347 வரும். டிஸ்கவுண்ட் கடனில் குறையும் 85 டாலரை வங்கி மில்லின் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பணம் ஒரு வாரம் தாமதித்தால் அந்த ஒரு வார வட்டியும் முதலில் மில் தலையில்தான் விழும். 2022க்குப் பின் பங்களாதேஷில் டாலர் தட்டுப்பாடு வந்தபோது இப்படிப் பலருக்கு விழுந்தது. தாமத வட்டியை டாக்கா வங்கியிடம் கேட்டு எழுதுவது நம் வங்கியின் வேலை. எழுதச் சொல்லித் தூண்டுவது நம் வேலை. எல்சி திறக்கும் வங்கி எது என்று ஆர்டர் பிடிக்கும்போதே கேட்பதும், சந்தேகமிருந்தால், பணம் வராமல் போனால் ஈடுகட்டும் இ.சி.ஜி.சி. காப்பீடு எடுப்பதும் இதற்காகத்தான்.

இப்போது கணக்கைக் கூட்டுங்கள். டிஸ்கவுண்டில் வந்தது 53,320.68. அதில் 85 போய், கப்பல் வாடகை 900 போய், நிற்பது 52,335.68 டாலர். 18,144 கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு 2.88 டாலர். லாரிக் கூலியும் பேக்கிங் கிரெடிட் வட்டியும் இன்னும் கழிக்கவில்லை. விலை சொல்லும்போது தவணை எத்தனை நாள் என்று விற்பனைப் பிரிவு கேட்காமல் 3 டாலர் என்று சொல்லியிருந்தால், அந்தப் பன்னிரண்டு சென்ட்டைப் பற்றி அவர்களுக்கு நவம்பரில்தான் தெரியும்.

கடைசி வேலை ஒன்று பாக்கி. வந்த பணத்தை வங்கி அந்த ஷிப்பிங் பில்லோடு பொருத்தி முடிக்க வேண்டும். கழிந்த 85 டாலரை வங்கிக் கட்டணம் என்று காட்டாவிட்டால், ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புப் பட்டியலில் அந்த பில் 85 டாலர் பாக்கியோடு திறந்தே கிடக்கும். பணம் வந்த வாரமே வங்கிக்குப் போய் அதை மூடச் சொல்லுங்கள்.